சந்து முனையில் ஒட்டும் ஒரு தாள்: சின்ன சாப்பாட்டுக் கடைக்கு விளம்பரம் எழுதும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பல வருடம் அச்சக வேலை பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடைத் திறப்பு விழா அழைப்பு என்று எல்லாம் கைக்கு வரும். அதில் எனக்கு மனசுக்கு நெருக்கமான வேலை சின்ன சாப்பாட்டுக் கடைகளின் நோட்டீஸ்தான். அந்தக் கடைக்காரர்கள் கொண்டுவரும் பணம் ஒரு நாள் காய்கறிக் காசு. அது வீணாகப் போனால் அவர்களுக்கு உண்மையாகவே வலிக்கும்.

போன தை மாதம் லாரன்ஸ் ரோட்டுச் சந்து ஒன்றில் மதிய மெஸ் நடத்தும் ஒரு அக்கா வந்தார். வீட்டின் முன்கூடத்தில் 20 பேர் உட்காரலாம். மதியம் மட்டும்தான் சமையல், மீன் குழம்புதான் முக்கியம். 60 சாப்பாடு வரை போட முடியும், 35 தான் போகிறது. அவர் கையில் ஒரு நோட்டுத் தாள் இருந்தது. அதில் எழுதியிருந்தது இது:

"வருக! வருக! சுவை, தரம், சுகாதாரம் மூன்றும் ஒருங்கே அமைந்த வீட்டு முறை அசைவ உணவகம். அனைத்து வகை அசைவ உணவுகளும் சிறந்த முறையில் தயாரித்து வழங்கப்படும். ஆர்டரின் பேரில் விசேஷங்களுக்கும் செய்து தரப்படும். உங்கள் நல்லாதரவை நாடும்..."

கீழே கடைப் பெயர், முகவரி, இரண்டு செல்பேசி எண்கள்.

ஊரில் எல்லோரும் எழுதுவது இப்படித்தான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கடைப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் இது நெல்லிக்குப்பத்து பிரியாணிக் கடைக்கும் பொருந்தும், முதுநகர் பரோட்டாக் கடைக்கும் பொருந்தும். அந்த அக்காவின் தாள் எப்படி மாறியது என்பதை வைத்தே முழு முறையையும் சொல்கிறேன்.

முதல் வேலை: தெருவில் நிற்பது

எழுத உட்காருவதற்கு முன்னால் கடை வாசலிலும் சந்து முனையிலும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஒரு நாள் போதாது, மூன்று நாள். அதுவும் கடைக்கு ஆள் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னாலிருந்து. போகிறவர்களை மூன்று நான்கு வகையாகப் பிரித்து நோட்டில் கோடு போட்டால் போதும்.

சந்து முனையில் 12.30லிருந்து நின்றோம். பேருந்து நிலையம் பக்கம் என்பதால் வெளியூர்ப் பயணிகள்தான் அதிகம் இருப்பார்கள் என்று அக்கா நம்பியிருந்தார். பயணிகள் நிறையப் போனார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் கண் பேருந்தின் மேல் இருந்தது, கையில் பை இருந்தது, சந்துக்குள் திரும்பும் எண்ணமே இல்லை. 1 மணியிலிருந்து 3 மணி வரை இரண்டு மூன்று பேராக வெளியே வந்துகொண்டிருந்தவர்கள் வேறு ஆட்கள். துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை வேலையாட்கள். சீருடை போட்டிருந்ததால் எண்ணுவது எளிது. இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்தில் 70 பேருக்கு மேல் எண்ணினோம். பாதிப் பேர் கையில் டப்பா இருந்தது. மீதிப் பேர் ரோட்டுக் கடையில் நின்றுகொண்டே எதையோ சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

அவர்களில் இரண்டு பெண்களிடம் அக்காவே பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, உக்காந்து சாப்பிட மாட்டீங்களா?"

"அரை மணி நேரம்தான்க்கா லஞ்சு. லேட்டா போனா சூப்பர்வைசர் கிட்ட பேச்சு வாங்கணும்."

இந்த ஒரு பதிலில் பாதி விளம்பரம் எழுதி முடிந்துவிட்டது. சுவை, தரம், சுகாதாரம் எதுவும் அந்தப் பெண்ணின் தடை இல்லை, நேரம்தான் தடை. நேரத்துக்குப் பதில் சொல்லாத நோட்டீஸ் அவர் கையில் இரண்டு நொடிகூட நிற்காது.

சின்னக் கடை விளம்பரம் ஊருக்கே எழுதுவது அல்ல. சுமார் 500 மீட்டருக்குள், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், வயிற்றுப் பசியோடு நடக்கும் ஒரு வகை ஆளுக்கு எழுதுவது. யார் அந்த ஆள் என்று தெரியாமல் எழுதினால்தான் "வருக வருக" வந்து உட்கார்ந்துகொள்கிறது. மற்றவர்கள் படித்துவிட்டு வந்தால் மகிழ்ச்சி. ஆனால் வரிகளை அவர்களுக்காக நீட்டக் கூடாது.

எந்த ஒரு பண்டம்?

"அனைத்து வகை அசைவ உணவுகளும்" என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் எந்தப் படமும் வராது. "சங்கரா மீன் குழம்பு" என்றால் வாயில் புளிப்பே வந்துவிடும். ஒரு தாளுக்கு ஒரு பண்டம்தான். கடையில் பத்து வகை இருக்கலாம், அது உள்ளே போர்டில் இருக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று கேள்விகள் கேட்பேன். தினமும் தவறாமல் செய்ய முடியுமா? ஏற்கெனவே வரும் வாடிக்கையாளர் எதை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்? அக்கம்பக்கத்துக் கடையில் அது கிடைக்கிறதா? அக்காவுக்குச் சுறாப்புட்டைப் போட ஆசை, அது அவர் கைப்பக்குவம். ஆனால் சுறா எல்லா நாளும் கிடைக்காது. தாளைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் "இன்னைக்கு இல்லைங்க" என்று சொன்னால் அவர் அடுத்த முறை வரமாட்டார். மீன் குழம்பு தினமும் உண்டு, மூன்று பேரில் இரண்டு பேர் குழம்பை இரண்டாம் முறை ஊற்றச் சொல்கிறார்கள். சரி, மீன் குழம்பு.

கடலூரில் மீனை வைத்து விளம்பரம் எழுதுபவர் நாட்காட்டியையும் பார்த்தாக வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுகள் கரையோரம் பிடித்துவரும் மீன் கிடைக்கும், ஆனால் இன்ன மீன் என்று உறுதி சொல்ல முடியாது, விலையும் ஏறும். வஞ்சிரம் என்று அச்சடித்துவிட்டு அந்த இரண்டு மாதம் வேறு மீனைப் போட்டால் அது ஏமாற்று. அதனால் அச்சில் "மீன் குழம்பு" என்று மட்டும் போட்டு, இன்று என்ன மீன் என்பதைக் கடை வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுத வைத்தோம். அதேபோல் புரட்டாசி மாதம் முழுக்கவும், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகையிலும் அசைவ நோட்டீஸ் அடிப்பது காசைக் கரைப்பதுதான். ஐப்பசி பிறக்கும்போது கொடுத்தால் அதே தாளுக்குப் பலன் கிடைக்கும். ஒரு மாதம் விட்டிருந்த நாக்கு காத்துக்கொண்டிருக்கும்.

தலைப்பு வரி

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நாங்கள் எழுதிப் பார்த்த வரிகளை அப்படியே தருகிறேன்.

"சுவையின் சிகரம்." சொல் அழகாக இருக்கிறது, தகவல் எதுவும் இல்லை. அடித்தோம்.

"வீட்டுச் சுவையில் அசைவச் சாப்பாடு." ஒரு காலத்தில் இதற்குப் பொருள் இருந்தது. இன்று எல்லா மெஸ் வாசலிலும் இதே வரி தொங்குவதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

"சுடச்சுட மீன் குழம்பு." இது பரவாயில்லை. பண்டம் தெரிகிறது, சூடு தெரிகிறது. ஆனால் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் தடைக்கு இதில் பதில் இல்லை.

"5 நிமிடத்தில் இலையில் மீன் குழம்பு." இதை எழுதியதும் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் எண் போட்ட வாக்குறுதியை அளந்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. ஒரு புதன்கிழமை 1.40 மணிக்கு, கூட்டம் நெருக்கும் நேரத்தில், செல்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, பொரியல் வைத்து, சோறு வந்து, குழம்பு ஊற்ற 11 நிமிடம் ஆனது. காரணம் சமையலறை இல்லை, பரிமாறும் ஒழுங்கு. ஒரே பையன் இலையும் எடுக்கிறான், மேசையும் துடைக்கிறான், சோறும் போடுகிறான். அக்கா இலைகளை முன்கூட்டியே நறுக்கித் துடைத்து வைத்தார். தம்ளரும் தண்ணீர்ச் சொம்பும் எப்போதும் மேசையிலேயே இருக்கச் செய்தார். பொரியலும் அப்பளமும் ஆள் உட்கார்ந்த உடனே இலைக்கு வந்தன. மறுவாரம் அளந்தபோது 6 நிமிடம். சாப்பிட்டுக் கை கழுவி, காசு கொடுத்து எழ மொத்தம் 18 நிமிடம்.

சோறு இலைக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதைவிட, தான் எப்போது எழுந்து போக முடியும் என்பதுதான் அந்த வேலையாளுக்கு முக்கியம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைசியாக நின்ற வரி இது:

"மீன் குழம்புச் சாப்பாடு. 20 நிமிடத்தில் சாப்பிட்டு எழலாம்."

அளந்தது 18, எழுதியது 20. எழுதும் எண் எப்போதும் அளந்ததைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். கூட்டமான நாளிலும் அது உண்மையாக நிற்க வேண்டும்.

உங்கள் கடைக்கு நேரம் தடையாக இல்லாமல் போகலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் விலை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு மாலையில் குடும்பத்தோடு வருபவர்களுக்கு உட்கார இடமும் குழந்தைக்குக் காரமில்லாத ஒரு பண்டமும். ஆஸ்பத்திரிப் பக்கம் என்றால் கஞ்சி கிடைக்குமா, பார்சல் கிடைக்குமா என்பது. தெருவில் நின்று கேட்டால் தானாகத் தெரிந்துவிடும். தலைப்பு வரியின் வேலை பண்டத்தின் பெயரையும் அந்தத் தடைக்கான பதிலையும் ஒன்றாகச் சொல்வது, அவ்வளவுதான்.

விலை வரி

விலையைப் போட வேண்டாம் என்று பல கடைக்காரர்கள் சொல்வார்கள். "விலையைப் பார்த்துட்டு வராம போயிடுவாங்க தம்பி" என்றுதான் அக்காவும் சொன்னார். என் அனுபவம் வேறு. சந்துக்குள் இருக்கும், முன்பின் தெரியாத கடைக்குள் விலை தெரியாமல் நுழைய மாதச் சம்பளக்காரர் தயங்குவார். உள்ளே போய் உட்கார்ந்தபிறகு விலை கேட்டு எழுந்து வருவது அவருக்கு மானப் பிரச்சினை. தாளில் ரூ.90 என்று இருந்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

ஆனால் விலைக்குப் பக்கத்திலேயே அதில் என்ன அடக்கம் என்றும் இருக்க வேண்டும். மெஸ் சாப்பாட்டில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். குழம்பில் மீன் துண்டு உண்டா, வெறும் குழம்பா? சோறு அளவா, கேட்கிற அளவா? எங்கள் தாளில் இப்படி எழுதினோம்: "ரூ.90. ஒரு துண்டு மீனோடு குழம்பு, ரசம், மோர், பொரியல், அப்பளம். சோறு கேட்கும் அளவு. மீன் வறுவல் தனி." வறுவலின் விலை மீனைப் பொறுத்து மாறும் என்பதால் அதை அச்சில் போடவில்லை, கரும்பலகைக்கு விட்டோம்.

"ரூ.60 முதல்" என்று குறைந்த விலையைப் பெரிதாகப் போட்டு, வருபவர் உண்மையில் 90 கொடுக்கும்படி செய்யும் வழக்கம் உண்டு. நடைபாதைக் கூட்டத்துக்கு ஒரு முறை விற்கும் கடைக்கு அது எடுபடலாம். வாரம் ஐந்து நாள் வர வேண்டிய அதே 70 பேரை நம்பும் கடைக்கு அது கெடுதல். அவர்கள் அக்கம்பக்கத்துக் கடைகளில் வேலை பார்ப்பவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள்.

வழி வரி

முகவரியில் கதவு எண்ணும் குறுக்குத் தெருப் பெயரும் போடுவது தபால்காரருக்கு உதவும். பசியோடு நடப்பவருக்கு அடையாளம்தான் வேண்டும். நம்மூரில் வழி கேட்டால் எப்படிச் சொல்வோம்? "அந்த வளையல் கடை தெரியுதா, அதுக்கு அடுத்த சந்து, உள்ள போனா இடது கை பக்கம் பச்சைக் கதவு." அதை அப்படியே எழுத வேண்டும். அத்தோடு தூரமும் வேண்டும். சந்துக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரியாததால்தான் பலர் திரும்புவதில்லை. நான் அடி வைத்து அளந்தேன், 40 அடி. "உள்ளே 40 அடி" என்று போட்டோம்.

அடையாளமாக எடுக்கும் கடை பழையதாக, எளிதில் இடம் மாறாததாக இருக்கட்டும். எழுதிய பிறகு இந்தத் தெருப் பக்கமே வராத ஒருவரிடம் அந்த வரியை மட்டும் கொடுத்துக் கடையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் அச்சகத்துப் பையனை அனுப்பினோம். முதல் வரைவில் "வளையல் கடை அருகில்" என்றுதான் இருந்தது, அவன் முந்தின சந்துக்குள் போய்விட்டான். "அருகில்" என்பதை "அடுத்த சந்து" என்று மாற்றியதற்கு அதுதான் காரணம்.

நேரத்தையும் விடுமுறையையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்: "மதியம் 12.30 முதல் 3.30 வரை. வெள்ளி விடுமுறை." செல்பேசி எண் ஒன்று போதும், எப்போதும் எடுக்கப்படும் எண்ணாக இருக்க வேண்டும்.

எதை எழுதக் கூடாது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006இன் 53ஆம் பிரிவின்படி உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நாட்டுக்கோழி இல்லாமல் நாட்டுக்கோழி என்று எழுதுவது, செக்கு எண்ணெய் ஊற்றாமல் செக்கு எண்ணெய் என்பது, "சர்க்கரை நோய் குணமாகும்" என்று கம்பங்கூழ் விற்பது எல்லாம் இதில் மாட்டக்கூடியவை. சுகாதாரம் என்ற சொல்லை எழுதுவதற்குப் பதிலாக, உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்கப் பதிவு எண்ணைத் தாளின் அடியில் சின்னதாகப் போடலாம். அது ஒரு சான்று, சொல்லைவிட அதற்கு எடை அதிகம்.

எழுத்தளவும் வரி உடைப்பும்

இரண்டு வடிவம் செய்தோம். சந்து முனையில் ஒட்ட ஏ3 தாள், கையில் கொடுக்க ஏ5 நோட்டீஸ். ஏ3 என்பது சுமார் 11½ அங்குல அகலம், 16½ அங்குல உயரம். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் வருவது ஏ5.

போர்டு எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க ஓர் அங்குல உயர எழுத்து வேண்டும். அது ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்து வந்த கணக்கு. தமிழில் மேலே மீயின் சுழி, கீழே குவின் வளைவு என்று எழுத்துக்கு மேலும் கீழும் இடம் போகிறது, உள்ளே வளைவுகளும் நெருக்கம். அதனால் நான் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்வேன். எதிர் நடைபாதை 10 அடி என்றால் தலைப்பு எழுத்து ஒன்றரை அங்குலம்.

அந்த அளவில் ஏ3 தாளின் ஒரு வரியில் ஏழெட்டு எழுத்துக்கு மேல் நிற்காது. ஆகவே "மீன் குழம்பு" ஒரு வரி, "சாப்பாடு" அடுத்த வரி. இலக்கணப்படி நடுவில் ச் வர வேண்டும், மீன் குழம்புச் சாப்பாடு. ஒரே வரியில் எழுதும்போது கட்டாயம் போடுங்கள். ஆனால் வரி உடையும் இடத்தில் "குழம்புச்" என்று ஒற்று தனியாகத் தொங்கினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வார்த்தை முடியாதது போல் தெரியும். சுவரொட்டியில் இரண்டு வரியாக இருந்தால் நான் அதை விட்டுவிடுவேன்.

சுவரொட்டிக்கு மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்தே போதும், ஒரு நிற அச்சு செலவும் குறைவு. மீன் படம் போடுவதாக இருந்தால் உங்கள் கடை இலையை மதிய வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்து நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்த படத்தில் இருக்கும் மீன் உங்கள் இலையில் இருக்காது.

அச்சுக்குப் போகும்போது

இங்கே கெட்டுப்போகும் தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் செல்பேசியில் தட்டச்சு செய்து அனுப்புவது யூனிகோடு எழுத்து. பல டி.டி.பி. கடைகளில் இன்னும் பழைய மென்பொருளும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களும் இருக்கின்றன. யூனிகோடு எழுத்தைத் தமிழுக்கு ஒத்துவராத பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறிவிடும். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் பின்னால் போய் நிற்கும். எங்கள் தாளிலேயே "சோறு", "கேட்கும்", "இலை", "மோர்" என்று உடையக்கூடிய சொற்கள் பல. அச்சுப் படி வந்ததும் முதலில் இந்தக் கொம்பு எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். மறுபடி தட்டச்சு செய்தால் புதுப் பிழைகள் வரும், அதையும் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு நோட்டீஸில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் மிகச் சிலதான். பொரியலுக்குச் சின்ன ரி, வறுவலுக்குப் பெரிய று, அறுசுவைக்கும் பெரிய று. "பொறியல்", "வருவல்", "அருசுவை" என்று அச்சானால் படிப்பவரில் பாதிப் பேர் கவனிக்கமாட்டார்கள். கவனிப்பவர்கள் சமையலிலும் இதே கவனக்குறைவு இருக்குமோ என்று நினைப்பார்கள்.

எழுத்தைவிட எண்தான் ஆபத்து. நான் அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு டிபன் கடைக்கு 1,000 நோட்டீஸ் அடித்தோம். செல்பேசி எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. வரைவைக் கடைக்காரரும் பார்த்தார், நானும் பார்த்தேன், இருவருமே கண்ணால் மட்டும் பார்த்தோம். 600 தாள் கொடுத்த பிறகு, யாரோ ஒரு வீட்டில் இட்லி கேட்டு அழைப்பு வருகிறது என்று தெரிந்தது. அந்த வீட்டுக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், மிச்சத் தாளைப் பேனாவால் திருத்தினோம். அன்றிலிருந்து அச்சுப் படியில் இருக்கும் எண்ணைப் பார்த்து, என் செல்பேசியிலிருந்து அழைத்து, கடைக்காரர் கையில் இருக்கும் செல்பேசி மணி அடித்தால்தான் அச்சுக்கு விடுவேன். விலையையும் நேரத்தையும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டுச் சரிபார்ப்பது இன்னொரு பழக்கம்.

எங்கள் ஏ5 நோட்டீஸ் கடைசியில் இப்படி வந்தது:

> அரை மணி நேரம்தான் இடைவேளையா?
> மீன் குழம்புச் சாப்பாடு
> 20 நிமிடத்தில் சாப்பிட்டு எழலாம்
> ரூ.90. ஒரு துண்டு மீனோடு குழம்பு, ரசம், மோர், பொரியல், அப்பளம். சோறு கேட்கும் அளவு. மீன் வறுவல் தனி.
> மதியம் 12.30 முதல் 3.30 வரை. வெள்ளி விடுமுறை.
> லாரன்ஸ் ரோடு வளையல் கடைக்கு அடுத்த சந்து, உள்ளே 40 அடி, பச்சைக் கதவு.
> (கடைப் பெயர், ஒரு செல்பேசி எண், பதிவு எண்)

கடைப் பெயர் அடியில் இருப்பது அக்காவுக்கு முதலில் வருத்தம்தான். குலதெய்வத்தின் பெயர் அது. ஆனால் பெயர் இன்னும் யாருக்கும் தெரியாத கடைக்குப் பெயர் மேலே இருந்து பயனில்லை. சாப்பிட்டுப் பிடித்தபிறகு அவர்களே பெயரைத் தேடிப் படிப்பார்கள். பிள்ளையார் சுழியை மட்டும் மேலே வைத்தோம், அது இடத்தை அடைக்காது.

எங்கே ஒட்டுவது, எப்போது கொடுப்பது

ஏ3 தாளில் ஆறுதான் எடுத்தோம். சந்து முனைச் சுவர், இரண்டு டீக்கடை, ஒரு சைக்கிள் நிறுத்தம், ஒரு ஜெராக்ஸ் கடை, கடை வாசல். எல்லா இடத்திலும் உரிமையாளரிடம் கேட்டு ஒட்டினோம். மின்கம்பம், பேருந்து நிழற்குடை, அரசுச் சுவர் எதையும் தொடக் கூடாது. தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லேயே சட்டம் வந்துவிட்டது, புதுச்சேரியிலும் இதற்குத் தனிச் சட்டம் உண்டு. பெரிய பிளக்ஸ் வைக்க நினைத்தால் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். 2019இல் சென்னையில் சாலையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு இதைச் சின்ன விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையில் சந்துக்குள் இருக்கும் மெஸ்ஸுக்கு பிளக்ஸ் தேவையும் இல்லை.

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் இரண்டு நாள்கூடத் தாங்காது. இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் முதல் தூறலிலேயே நிறம் வழியும். அந்த மாதங்களில் லேசர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்து, கூரைக்கு அடியில் உள்ள சுவரில் மட்டும் ஒட்டலாம்.

நோட்டீஸ் 300. பேருந்து நிலையத்தில் நின்று கொடுத்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அடுத்த அரை மணியில் எல்லாம் தரையில் கிடக்கும். நாங்கள் காலை 9 மணிக்குப் பிறகு, கடைகள் திறக்கும் முன் வேலையாட்கள் ஷட்டர் வாசலில் நிற்கும் நேரத்தில் கொடுத்தோம். அப்போது அவர்களுக்குப் படிக்க நேரம் இருக்கிறது, மதியச் சாப்பாட்டை அங்கேயே பேசி முடிவு செய்வார்கள். அக்காவே கொடுத்தார். "நான்தான் சமைக்கிறேன், வந்து பாருங்க" என்ற ஒரு வாக்கியத்தோடு. ஒரு நாளைக்கு 50 தாள்தான். 300ஐயும் ஒரே நாளில் கொடுத்து, மறுநாள் 90 பேர் 20 இருக்கைக்கு வந்து நின்றால், 20 நிமிடம் என்ற வாக்கு முதல் நாளே பொய்யாகிவிடும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அதே வரிகள் போதும், ஆனால் படத்தை 1080 x 1920 அளவில் நெட்டு வடிவில் செய்துகொள்ளுங்கள். ஏ3 தாளைப் படம் எடுத்துப் போட்டால் சின்ன எழுத்து எதுவும் தெரியாது. காலை 11 மணிக்கு அன்றைய மீனின் பெயரோடு போட வேண்டும். மற்றவருக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் எழுத்து மங்காது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

நோட்டீஸின் மூலையில் "இதைக் கொண்டுவந்தால் ஒரு ஆம்லெட்" என்று போடலாம் என்றார் அக்கா. ஆம்லெட் வேண்டாம், அடுப்பில் ஒரு கை தனியாகப் போய்விடும், நேரம் கெடும் என்றேன். கடலை மிட்டாய் என்று முடிவானது. திரும்பி வந்த தாள்களை ஒரு டப்பாவில் போட்டுவைத்தார். கொடுத்த நாளைக் குறிக்க ஒவ்வொரு நாள் கட்டிலும் ஓரத்தில் வேறு வேறு நிறப் பேனாவால் ஒரு கோடு. முதல் வாரம் 41 தாள் திரும்பியது. பெரும்பாலும் துணிக்கடை வாசலில் கொடுத்த நாட்களின் நிறம். பாத்திரக்கடைப் பக்கம் கொடுத்ததில் மூன்றுதான் வந்தது. விசாரித்தபோது அங்கே முதலாளியே மதியச் சாப்பாடு போடுகிறார் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் அத்தோடு நிறுத்தினோம்.

தாள் கொண்டு வராமல் வருபவர்களிடம் "எப்படித் தெரியும்?" என்று பரிமாறும் பையன் கேட்டான். சந்து முனைத் தாள் என்றவர்கள் ஒரு கோடு, கூட்டாளி சொன்னார் என்றவர்கள் இன்னொரு கோடு. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கூட்டாளிக் கோடு கூடிக்கொண்டே போனது, அதனால் மறுபடி நோட்டீஸ் அடிக்கவில்லை. ஒருவேளை தாளைப் பார்த்து ஆட்கள் வந்து, அவர்கள் மறுபடி வராமல் இருந்தால், பிழை தாளில் இல்லை, இலையிலோ பரிமாறுவதிலோ இருக்கிறது. ஆளே வரவில்லை என்றால் முதலில் ஒட்டிய இடத்தையும் கொடுத்த நேரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். வரிகளை மாற்றுவது அதற்குப் பிறகு.

பங்குனி முடியும்போது மெஸ்ஸில் தினமும் 55 சாப்பாடு போனது. ஏப்ரல் 14ஆம் தேதி இரவு அக்கா என்னைக் கூப்பிட்டு, சந்து முனைத் தாளை எடுத்துவிடலாமா என்று கேட்டார். தடைக்காலத்தில் எல்லா நாளும் மீன் கிடைக்குமா என்று அவருக்குச் சந்தேகம். நேரம் பற்றிய வரியை அப்படியே வைத்து, மேல் வரியை மட்டும் "கருவாட்டுக் குழம்பு" என்று மாற்றி ஆறு தாள் எடுத்துக் கொடுத்தேன். கருவாடு காராமணிக்குப்பம் சந்தையில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.